கிளவுட் கிச்சனுக்கு வெப்சைட் போடப் போறீங்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படிங்க

கும்பகோணத்துல வீட்டுச் சமையலை ஆர்டருக்குக் கொடுக்கிறோம். வெப்சைட் செய்து தர்றேன்னு வந்தவர்கிட்ட முழுப் பணத்தையும் கொடுத்தோம். அவர் லேப்டாப்பில் காட்டினப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. சர்வர்ல ஏத்தின பிறகுதான் வம்பு ஆரம்பிச்சுது.

டிபன் காலை 6:30 முதல் 10:30 வரை. மதியச் சாப்பாட்டு ஆர்டர் 11 மணியோட முடியணும், அதுக்கு மேல உலை வைக்க நேரம் கிடையாது. ஆனா பகல் 12 மணிக்குத்தான் இட்லி கடப்பா மெனுவே திறந்துச்சு. சாப்பாட்டு ஆர்டர் மாலை 4:30 வரை வந்துக்கிட்டே இருந்துச்சு. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரமான UTC-ல ஓடுது, நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னாடி. கடையோட நேர மண்டலம் `Asia/Kolkata` என்று குறிப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

அதைச் செய்யாம, வாடிக்கையாளர் போனில் இருக்கிற நேரத்தைப் பார்க்கும்படி மாத்திட்டார். நம்ம பக்கம் எத்தனை வீட்டுப் பிள்ளைங்க வளைகுடாவுல இருக்காங்க! துபாயிலிருந்து ஒரு தம்பி, இங்க தனியா இருக்கிற அம்மாவுக்குச் சாப்பாடு போட்டார். இங்க மணி 11:50, அவர் போனில் 10:20. ஆர்டர் ஏறிடுச்சு, பணமும் போயிடுச்சு. அந்த அம்மா பசியோட காத்திருந்தாங்க. கடை நேரம் சர்வரில்தான் கணக்காகணும். மெனு திறக்கும்போது மட்டுமில்ல, பணம் கட்டுற அந்த நொடியிலும் திரும்பச் சரிபார்க்கணும். 10:55-க்குக் கூடையில் போட்டுட்டு 11:40-க்குப் பணம் கட்டுறவங்க நிறைய பேர்.

அடுத்தது தூரம். கிச்சனை நடுவுல வெச்சு 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுட்டார். வட்டம் அளக்கிறது காகம் பறக்கிற தூரம். டெல்டாவுல ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கா பக்கம் பக்கமா ஓடுது; வடக்கே போகவும் தெற்கே போகவும் பாலம் தேடணும். அக்கரையில் ஒரு ஊர், வட்டத்தில் 4 கிலோமீட்டர், வண்டியில் பாலம் சுத்திப் போனா 9. 5 கிலோமீட்டருக்கான டெலிவரி கட்டணத்தில் பையன் 9 போய்ட்டு வந்தான். சாலைவழித் தூரம் கணக்கிடும் வசதி வைக்கலாம். எங்களுக்கு அதைவிட எளிசா அமைஞ்சது ஊர்ப் பட்டியல்தான்: ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தா அதுக்கான கட்டணமும் கடைசி நேரமும் வரும். வேற ஒருத்தர் அப்படித்தான் மாத்திக் கொடுத்தார்.

டெலிவரி ஆப் பட்டன்கள்கூட எங்க கடைப் பக்கத்துக்குப் போகாம ஆப்பின் முகப்புக்கே போச்சு. அங்க இறங்கினவங்க வேற கடையில் வாங்கிட்டுப் போயிட்டாங்க.

குறையைச் சொன்னப்ப, "இது தனி வேலை, தனிக் காசு"ன்னார், அப்புறம் போனே எடுக்கலை. அதனால அவர் லேப்டாப்பில் பார்த்துட்டுச் சரின்னு சொல்லாதீங்க. சர்வரில் ஏத்தின பிறகு, டிபன் முடியுற நேரத்துக்கு முன்னும் பின்னும் உங்க போனில் ஒவ்வொரு ஆர்டர், சாப்பாட்டு ஆர்டர் நேரம் முடிஞ்சதும் போன் நேரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி ஒரு ஆர்டர், அக்கரை ஊர் முகவரிக்கு ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. நேரம் தாண்டின ஆர்டர் ஏறாம, மத்ததெல்லாம் சரியா வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க.