இணைச்சீருக்கு முன்னால் ஒரு வாக்சிங்

தம்பி கல்யாணத்துக்காக வைகாசியில் மெல்போர்னிலிருந்து கோபிக்கு வந்திருந்தேன். மாப்பிள்ளையுடன் பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கைச் செய்ய வேண்டியவள் நான்தான். நான்கு நாள் முன்னால் ஒரு பியூட்டி பார்லரில் கால் வாக்சிங் செய்துகொண்டேன்.

வேலை செய்த பெண் நல்ல மாதிரி. "வலிக்குதுங்களாக்கா?" என்று நூறு தடவை கேட்டாள். ஆனால் என் காலில் தடவிய மரக்குச்சியை மறுபடியும் மெழுகுச் சட்டிக்குள் விட்டாள். எனக்கு முன்னால் வந்தவருக்கும் அதே சட்டி, அதே குச்சிதான். சூட்டில் கிருமி செத்துவிடும் என்று நினைத்து வாய் திறக்கவில்லை. தோல் தாங்குகிற சூட்டில் கிருமி சாகாது. முடி பிடுங்கிய வேர்க்குழி திறந்து கிடக்க, அதன்மேல் எண்ணெய் தேய்த்துவிட்டாள். நானும் இறுக்கமான லெக்கின்ஸ் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போனேன்.

அன்று சிவந்திருந்தது சாதாரணம்தான். ஓரிரு நாளில் அடங்கிவிடும். எனக்கோ மூன்றாம் நாள் முடிக்கு ஒன்றாகக் கொப்புளம், நுனியில் வெள்ளையாகச் சீழ், தொட்டால் வலி. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட்டைப் பூசினேன். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, கல்யாணம் முடிந்தது, அப்புறம் இரட்டிப்பாகக் கிளம்பியது. ஈரோட்டுத் தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்குதுங்க. சிவப்பை மறைக்கும், கிருமியை வளரவிடும்."

அதை நிறுத்தச் சொல்லி, வேறு ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம், பத்து நிமிடம், தினம் மூன்று வேளை. பென்சாயில் பெராக்சைடு வாஷை இரண்டு நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அது சாயத்தை வெளுக்கும் என்று அவர் சொன்னதை மறந்துவிட்டேன். அம்மாவின் சென்னிமலைத் துண்டில் இப்போது ஆரஞ்சுத் திட்டுகள். கிள்ளாதே, தேங்காயெண்ணெய் வேண்டாம், சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வா என்றார். சர்க்கரை உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாதாம்.

புண் முழுக்க ஆறும் வரை முடியைத் தொடவில்லை. இப்போது வீட்டிலேயே ட்ரிம்மர்தான். தோலை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் முடி விடுவதால் வேர்க்குழிக்குச் சேதம் குறைவு. வழுவழுப்பு வேண்டுமென்றால் மட்டும் ரேசர்: குளித்து முடி ஊறிய பிறகு, ஜெல் தடவி, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், தோலை இழுத்துப் பிடிக்காமல். இழுத்தால் வெட்டிய நுனி உள்ளே போய், தோலுக்குள்ளேயே வளரும். ஐந்தாறு தடவைக்கு மேல் ஒரு பிளேடு வேண்டாம், யாருக்கும் இரவல் தரவும் வேண்டாம்.

மூன்றே நாளில் குத்தத் தொடங்கும், அதுதான் குறை. "ரேசர் வெச்சா கரடியாட்டம் அடர்த்தியா வரும் கண்ணு" என்கிறார் அம்மா. நுனி மொட்டையாக வெட்டுப்படுவதால் அப்படித் தோன்றுகிறது, முடி கூடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் துண்டைத்தான் காட்டினார்.