குடல் குறுகியவர்களுக்கு: காயை விடுவதா, குழைப்பதா?

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன்ஸ் நோயால் சிறுகுடலின் கடைசிப் பகுதி குறுகிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததும், சாப்பாட்டில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, காய், கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெள்ளைச் சோறு, ரசம், மோர், பிரெட் என்று இருப்பது. இன்னொன்று, அவற்றைத் தோல், விதை, நார் நீக்கிக் குழைய வேகவைத்துச் சாப்பிடுவது.

வயிறு முறுக்கி, உப்பி, வாந்தி வருகிற நாட்களில் முதல் வழிதான் சரி. சில நேரம் அதையும் குறைத்துத் திரவ உணவுக்கு மாறச் சொல்வார் மருத்துவர். வலி விட்டு விட்டு வந்து, காற்றும் பிரியாமல் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் அதே சாப்பாட்டை மாதக்கணக்கில் தொடர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஃபோலேட்டும் வைட்டமின் சியும் குறைந்துகொண்டே போகும். உண்மையில் குறுகிய இடத்தில் சிக்குவது மெல்லாமல் விழுங்கிய நீள நாரும் தோலும்தான். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கமும் 2024-இல், குடல் குறுகியவர்கள் காய்கனிகளை மென்மையாகச் சமைத்து நன்றாக மென்று சாப்பிடலாம் என்றே சொன்னது.

நம் சமையலில் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை, தோலோடு கொண்டைக்கடலைச் சுண்டல், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை ஆபத்தானவை. ஆரஞ்சை மட்டும் சாறாக்கி வடிகட்டிக் குடிக்கலாம்.

ஒரு மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். முதல் வழியில் சோறு, ரசம், மோர், அப்பளம். இரண்டாவதில் குழைந்த சோறு, மசித்த பாசிப்பருப்பு, தோலும் விதையும் எடுத்த சுரைக்காய்க் கூட்டு, முள் நீக்கிய மீன், தயிர். காம்பு நீக்கி வேகவைத்து மைய அரைத்த கீரையைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிந்தால் வைட்டமின் சி அதிகம் வீணாகாது, கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். வலி இல்லாத நாட்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். புதிய காயை ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேருங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

அழற்சி தணியாதவரை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் அவ்வளவாகச் சேராது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் அழற்சியில் பொய்யாக உயர்ந்து தெரியும், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். பி12 விஷயத்தில் இரண்டு வழியும் போதாமல் போகலாம். அது உறிஞ்சப்படுவதே சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதியில்தான். அங்கே 20 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்கு முட்டையும் மீனும் எவ்வளவு சாப்பிட்டாலும் குறை தீராமல் போகலாம், அவர்களுக்குப் பெரும்பாலும் ஊசிதான் வழி.