ரெஃபரலா, நேரடி அறிமுகமா, கேட்டுவிட்டு அறிமுகமா? வேலை போனவருக்கு உதவும் வழிகள்: ஓர் ஒப்பீடு

முன்பு உங்களோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர் ஒருவர் லேஆஃப் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நெருங்கிய நண்பர் இல்லை. எப்போதாவது ஒரு வாழ்த்து, ஒரு நலம் விசாரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். இந்த அளவு தெரிந்தவருக்கு உதவப் போனால் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் வேலை தேடும் விஷயத்தில் இந்தத் தூரம்தான் பயன் தருகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம் போல. எப்போதாவது பார்ப்பவர், அரிதாகப் பார்ப்பவர் என்று சொன்னவர்கள்தான் மீதி எல்லாரும். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த காலியிடங்கள் பெரும்பாலும் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022இல் வெளியான பெரிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல் ரொம்ப அந்நியமும் இல்லாத, மிதமான தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

ஆக, உதவலாமா என்பதில் சந்தேகம் வேண்டாம். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். அவர் ஒன்பது வருடம் மென்பொருள் டெஸ்டிங்கில் இருந்தவர். கடைசி நான்கு வருடம் ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை. நிறுவனம் அந்தத் தயாரிப்பையே மூடிவிட்டதால் மொத்தக் குழுவும் வெளியே. உங்கள் அலுவலகத்தில் ஒரு டெஸ்டிங் லீட் இடம் காலியாக இருக்கிறது. வேறொரு நிறுவனத்தில் உங்களுக்கு நன்கு தெரிந்த மேனேஜர் ஒருவரும் இருக்கிறார்.

ரெஃபரல்

இருப்பதிலேயே சுலபமானது, அதனாலேயே முதலில் கை போவது. உங்கள் அலுவலக போர்ட்டலில் ரெஸ்யூமேயை ஏற்றினால் வேலை முடிந்தது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் அது அடிபட்டுப் போகாமல் யாராவது ஒருவர் திறந்து பார்ப்பார்கள். ரெஃபரலால் பொதுவாகக் கிடைப்பது அவ்வளவுதான். திறந்து பார்ப்பவர் ஹெச்.ஆர். ஆளாக இருப்பார், குழுவை நடத்துபவராக இருக்க மாட்டார்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. பல நிறுவனங்களில் அவரே இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால், அதற்குப் பிறகு செய்யும் ரெஃபரல் கணக்கில் சேராது. வேலை போன முதல் வாரத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிப்பது வழக்கம் என்பதால், "எங்கள் இடத்துக்கு இன்னும் அப்ளை செய்யவில்லையே?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ரெஃபரல் போனஸ். உங்கள் நிறுவனம் அப்படி ஏதாவது தருகிறது என்றால் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிய வந்தால் உதவியின் நிறமே மாறிவிடும்.

இருவரையும் ஒரே மெயிலில் சேர்ப்பது

"நீங்கள் இருவரும் பேச வேண்டும்" என்று மேனேஜரையும் அவரையும் ஒரே மெயிலில் போட்டுவிடுவது அடுத்த வழி. வேகமானது, பார்க்கத் தாராளமாகவும் தெரியும். எனக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. மேனேஜரிடம் இடம் இல்லாமல் இருக்கலாம், ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருக்கலாம். அப்போது அவர் ஒன்று மழுப்பலாகப் பதில் எழுதுவார், இல்லை பதிலே எழுத மாட்டார். அந்த மௌனம் வேலை போனவரின் இன்பாக்ஸில், உங்கள் கண் முன்னால் நடக்கும். ஏற்கெனவே ஓர் இடத்தில் வேண்டாம் என்று கேட்டு வந்தவருக்கு இன்னொரு மறுப்பை நாமே ஏற்பாடு செய்து கொடுப்பது போல ஆகிவிடும்.

முதலில் கேட்டுவிட்டு அறிமுகம்

மூன்றாவது வழி இரண்டு நாள் கூடுதலாக எடுக்கும். வேலை போனவரிடம், "இன்ன நிறுவனத்தில் இன்ன மேனேஜரைத் தெரியும், அவரிடம் கேட்கட்டுமா?" என்கிறீர்கள். அவர் சரி என்றால் மேனேஜருக்குத் தனியாக எழுதுகிறீர்கள். மேனேஜரும் சரி என்ற பிறகுதான் இருவரையும் ஒரே மெயிலில் சேர்க்கிறீர்கள். மேனேஜர் வேண்டாம் என்றால் அது உங்களோடு நின்றுவிடும்.

முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். வேலை போன செய்தியை அவர் எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மேனேஜரோடு அவருக்குப் பழைய மனத்தாங்கல் இருக்கலாம். அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே இன்டர்வியூ முடித்துக் காத்திருக்கலாம். கேட்காமல் செய்கிற உதவி அவர் போட்டு வைத்த கணக்கைக் குழப்பிவிடும்.

நம் உதாரணத்தில் நான் செய்வது இதுதான்: சொந்த அலுவலகத்துக்கு ரெஃபரல், கூடவே அந்தக் குழுவின் மேனேஜருக்குத் தனியாக இரண்டு வரி. வெளி நிறுவனத்துக்கு, கேட்டுவிட்டு அறிமுகம். ஒரே மெயிலில் சேர்க்கும் குறுக்கு வழியை, "ஆள் தேவை, யாராவது இருந்தால் அனுப்பு" என்று அந்த மேனேஜரே முன்பு கேட்டிருந்தால் மட்டும் எடுப்பேன்.

மேனேஜருக்கு என்ன எழுதுவது

இரக்கம் கசிவது இங்கேதான். இரண்டு குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று: "என்னோடு வேலை பார்த்தவர், ரொம்ப நல்ல மனிதர். பாவம், போன மாதம் வேலை போய்விட்டது. கஷ்டத்தில் இருக்கிறார். ஏதாவது வாய்ப்பு இருந்தால் பாருங்கள்."

இன்னொன்று: "உங்கள் குழுவில் ரிலீஸ் தாமதமாகிறது என்று சொல்லியிருந்தீர்கள். என்னோடு இரண்டு வருடம் இருந்த ஒருவர், மூன்று நாள் எடுத்த ரிக்ரெஷன் டெஸ்டிங்கை ஒரே இரவில் முடிகிற மாதிரி தானியங்கியாக்கினார். அதை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் இருந்த தயாரிப்பை நிறுவனம் மூடிவிட்டது, இப்போது லீட் பொறுப்பு தேடுகிறார். இருபது நிமிடம் பேச முடியுமா? இப்போது தோதில்லை என்றால் பரவாயில்லை, என்னிடம் சொன்னால் போதும்."

முதல் குறிப்பில் மேனேஜருக்குக் கிடைப்பது ஒரு சுமை. நல்ல மனிதர் என்பதை வைத்து அவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. இரண்டாவதில் அவருடைய பிரச்சினையும், அதற்குப் பொருந்துகிற ஒரு வேலைச் சான்றும், நீங்கள் எந்த அளவுக்குச் சாட்சி என்பதும் இருக்கின்றன. வேலை போன விஷயம் ஒரே வாக்கியம், காரணத்தோடு, பெருமூச்சு இல்லாமல். அதை மறைத்தாலும் தவறாகிவிடும். ஏன் விலகினார் என்ற கேள்வி எப்படியும் வரும், மறைத்தது போலத் தெரிந்தால் சந்தேகம் இருவர் மேலும் விழும்.

நீங்கள் பார்க்காத வேலைக்குச் சாட்சி சொல்ல வேண்டாம். ஒன்றாக வேலை பார்த்ததே இல்லை என்றால், "நேரடியாக வேலை பார்த்ததில்லை, ஆனால் இன்ன பணியை முடித்துக் கொடுத்தவர் என்று தெரியும்" என்று அப்படியே எழுதலாம். அதற்கும் மதிப்பு உண்டு. அனுப்பும் முன் குறிப்பை அவரிடம் காட்டிவிடுங்கள். தன்னைப் பற்றி என்ன போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கருத்துச் சொல்வதில் மூன்று பாணி

"ரெஸ்யூமே சூப்பர், சீக்கிரம் கிடைச்சிடும்" என்பது ஒரு பாணி. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து எந்த அழைப்பும் வராதபோது, குறை எங்கே என்று தெரியாமல் அவர் நிற்பார். அடுத்த பாணி, சிவப்பு மையால் முழுதும் திருத்தி அனுப்புவது. இருபது திருத்தங்களில் எது முக்கியம் என்று அவருக்குப் புரியாது. அதோடு ரெஸ்யூமே உங்கள் நடையில் மாறிப்போய், இன்டர்வியூவில் அவர் பேசுவதோடு ஒட்டாமல் நிற்கும்.

மூன்றாவது, எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் சொல்வது. நான் இந்தக் கட்சி. அழைப்பே வரவில்லையென்றால் ரெஸ்யூமேயிலோ, குறிவைக்கும் பதவியிலோ கோளாறு. முதல் அழைப்போடு நின்றுவிடுகிறது என்றால், தன்னைப் பற்றிச் சொல்லும் விதம், சம்பள எதிர்பார்ப்பு, வேலை போன காரணத்தைச் சொல்லும் விதம் ஆகியவற்றில் ஒன்று. கடைசிச் சுற்று வரை போய்த் தோற்கிறார் என்றால் ரெஸ்யூமேயைத் தொடவே வேண்டாம், அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நம் உதாரணத்தில் அவருக்கு அழைப்பு வருகிறது, முதல் பேச்சோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் ஒத்திகை பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஏன் விலகினீர்கள் என்று கேட்டதும், நிர்வாகம் எடுத்த தவறான முடிவுகளை ஐந்து நிமிடம் விவரிக்கிறார். எல்லாமே உண்மையாக இருக்கலாம், கேட்பவருக்கு மனக்கசப்பு மட்டும்தான் காதில் விழும். அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "தயாரிப்பை மூடினார்கள், மொத்தக் குழுவும் வெளியே வந்தோம் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். அடுத்த வாக்கியமே நீங்கள் தேடும் வேலையைப் பற்றி இருக்கட்டும். இப்போது கேட்டதில் அந்தப் பதில் நீளம், கோபம் தெரிகிறது." சொல்லிவிட்டு உடனே இன்னொரு முறை பேச வையுங்கள். மாற்றம் அப்போதே தெரியும்.

நேரமும் முக்கியம். முதல் சில நாள் அவர் ஈட்டுத்தொகை, காப்பீடு, கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் என்று அலைந்துகொண்டிருப்பார். அப்போது ரெஸ்யூமே விமர்சனம் எடுபடாது. அந்த வாரத்துக்கு ஒரு சிறு செய்தி போதும்: "செய்தி கேட்டேன். இரண்டு இடம் எனக்குத் தெரியும், எப்போது வேண்டுமோ சொல்லுங்கள், விவரம் தருகிறேன். இதற்குப் பதில் போட வேண்டும் என்றில்லை." 'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்பதைவிட இது மேல். அதில் என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது என்று யோசிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது.

ஆனால் அறிமுகத்துக்கு முன்னால் இந்தக் கருத்துப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் தெரிந்த கோபத்தைச் சரிசெய்யாமல் மேனேஜரிடம் அனுப்பினால், அந்த ஒரு வாய்ப்பு அதிலேயே போய்விடும். அதே மேனேஜரிடம் இரண்டாம் முறை அனுப்புவது கடினம்.

மேனேஜர் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை என்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பதில் எதுவானாலும், பதிலே இல்லாவிட்டாலும், அதை அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "அங்கே இப்போது ஆள் எடுக்கவில்லையாம், அந்த இடத்தை விட்டுவிடலாம். எங்கள் ஆபீஸ் ரெஃபரல் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விசாரித்துச் சொல்கிறேன்." வெள்ளிக்கிழமை விசாரியுங்கள்.