காலையில் மடங்காத விரல்: தேய்மானமா, முடக்குவாதமா?

காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை என்றால், எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்று முதலில் பாருங்கள். மூட்டுத் தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். பிறகு வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சியில் விறைப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கையை அசைக்க அசைக்கத்தான் இளகும்.

அடுத்து, எந்த மூட்டு? நகத்தை ஒட்டிய கணுவிலும் கட்டைவிரல் அடியிலும் எலும்பு போலக் கெட்டியான புடைப்பு இருந்தால் தேய்மானம் என்று ஊகிக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு நகக் கணுவிலேயே அழற்சி வரலாம். முடக்குவாதம் பிடிப்பது விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளையும் நடுக்கணுக்களையும் மணிக்கட்டையும், பெரும்பாலும் இரண்டு கையிலும். வீக்கம் தொட்டால் மெத்தென்று, சில சமயம் சூடாக இருக்கும்.

உதாரணத்துக்கு, நாற்பது வயதுப் பெண் ஒருவர். எட்டு மணி வரை டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஆறு வாரமாக இப்படி. கைகுலுக்குவதுபோல முட்டிகளைச் சேர்த்து அழுத்தினால் துடிக்கிறார். இங்கே ரத்தப் பரிசோதனையில் ஆர்ஏ ஃபேக்டர் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் முடக்குவாதம் இல்லை என்று ஆகாது. வலி மாத்திரையில் மாதங்களை ஓட்டாமல் வாதநோய் மருத்துவரிடம் போக வேண்டும். முடக்குவாதம் அரித்த எலும்பு பழையபடி ஆவதில்லை.