நன்கொடை வீடியோ எடுக்கக் கொடுக்கும் முன்: கீழே இருக்கும் இணைப்பில் பணம் யார் கணக்குக்குப் போகிறது?

வேதாரண்யம் பக்கம் இயங்கும் ஒரு சிறு அறக்கட்டளை, கீற்றுக் கூரை ஒழுகும் 40 வீடுகளுக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டுத்தர நிதி திரட்டியது. வீடியோ எடுத்து, அதன் கீழே வரும் விவரக்குறிப்பு எழுதி, யூடியூபில் ஏற்றித்தர ஒரு விளம்பர நிறுவனத்துக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். பணம் வந்தது. வந்தது அறக்கட்டளையின் கணக்குக்கு இல்லை. டெல்டாவில் இதுபோன்ற சிறு அறக்கட்டளைகள் நிறைய இருப்பதால் எங்கே பிசகியது என்று விவரமாக எழுதுகிறோம்.

நிறுவனம் எழுதிய விவரக்குறிப்பு இப்படித் தொடங்கியது: "கண்ணீரில் தவிக்கும் டெல்டா மக்கள்! உங்கள் ஒரு ரூபாய் ஓர் உயிரைக் காக்கும்! 100% வரி விலக்கு! உலகெங்கும் உள்ள தமிழர்கள் அனுப்பலாம்!" அதன் கீழே, முழு முகவரியைக் காட்டாத ஒரு சுருக்கு இணைப்பு. எத்தனை வீடு, எந்த ஊர்ப் பக்கம், ஒரு வீட்டுக்கு எவ்வளவு, எதுவும் இல்லை. வீடியோவில் சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகள் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எடுத்தவை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் பார்த்ததுமே அடையாளம் கண்டு, "பழைய படத்தைக் காட்டி வசூல் செய்கிறார்கள்" என்று கருத்துப் பகுதியில் எழுதிவிட்டார்கள். கெட்ட பெயர் நிறுவனத்துக்கு இல்லை, அறக்கட்டளைக்கு.

அதைவிடப் பெரிய கோளாறு அந்தச் சுருக்கு இணைப்பில் இருந்தது. சுருக்கு இணைப்பு எங்கே போகிறது என்பதை அதை உருவாக்கியவர் மட்டுமே முடிவு செய்கிறார். வீடியோ வெளியான பிறகும் சில சேவைகளில் போகும் இடத்தை மாற்ற முடியும். இங்கே அது நிறுவன உரிமையாளரின் சொந்த யுபிஐ முகவரி இருந்த பக்கத்துக்குப் போனது. பக்கத்தின் தலைப்பில் அறக்கட்டளையின் பெயரும் முத்திரையும் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நன்கொடை அனுப்பிய ஒருவர் ரசீது கேட்டு, பணம் செலுத்திய திரையின் படத்தை அனுப்பியபோதுதான் அதில் ஒரு தனி நபரின் பெயர் இருப்பது தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் போதும். வீடியோவைப் பொதுவில் விடும் முன், அறங்காவலர் ஒருவர் தம் கைப்பேசியில் அந்த இணைப்பைத் திறந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்க வேண்டும். பக்கத்தின் தலைப்பை விட்டுவிடுங்கள். கடவு எண் கேட்கும் முன் செயலி காட்டும் பெயரைப் படியுங்கள். 2025 ஜூன் முடிவிலிருந்து, வங்கியில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்பது யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐயின் விதி. அங்கே அறக்கட்டளையின் பெயர் வராவிட்டால் வீடியோவை வெளியிடாதீர்கள். பெயர் சரியாக வந்தாலும், அந்த ஒரு ரூபாய் பாஸ்புக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீடியோவில் க்யூஆர் குறியீடு இருந்தால் அதற்கும் இதே சோதனை தனியாகச் செய்ய வேண்டும். இணைப்பு சரியாக இருந்து குறியீடு வேறு கணக்குக்குப் போவதும் உண்டு.

கேட்டபோது நிறுவனம் சொன்ன பதில்: வந்தது 96,000 ரூபாய், அதில் கால் பங்கு "சேவைக் கட்டணம்", மீதி 72,000 ரூபாயை மொத்தமாக அனுப்பிவிடுகிறோம். அனுப்பவும் செய்தார்கள். ஆனால் கொடுத்தவர்களின் பட்டியலைத் தரவில்லை. இதனால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வங்கிக் கணக்கில் அது அந்த உரிமையாளர் ஒருவர் கொடுத்த 72,000 ரூபாயாகத்தான் நிற்கும். உண்மையில் கொடுத்தவர்களின் பெயரும் பான் போன்ற அடையாள எண்ணும் தொகையும் இல்லாமல் வருமான வரித் துறையில் நன்கொடை விவரம் தாக்கல் செய்ய முடியாது. தாக்கல் செய்யாமல், கொடுத்தவர் வரிக் கழிவு பெறத் தேவையான 80ஜி சான்றிதழ் எடுத்துத் தர முடியாது. கையால் எழுதிய ரசீது அதற்கு ஈடாகாது.

"100% வரி விலக்கு" என்பதும் தவறு. இதுபோன்ற சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்தால் தொகையில் பாதிதான், அதுவும் வருமானத்தை ஒட்டிய வரம்புக்கு உட்பட்டு, பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும் கழிவாகும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடையாது.

"உலகெங்கும் உள்ள தமிழர்கள்" என்ற வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் சிங்கப்பூர், மலேசிய உறவு இல்லாத ஊர் குறைவு, அதனால் இந்த வரி இயல்பாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், பிறந்தது மன்னார்குடியாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். வேறொருவர் கணக்கு வழியாக வந்தாலும் அதன் தன்மை மாறாது. இந்த அறக்கட்டளைக்கு அவை இரண்டும் இல்லை. பட்டியலும் கைக்கு வராததால், 72,000 ரூபாயில் எவ்வளவு அப்படி வந்தது என்று பிரித்துத் திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை.

விவரக்குறிப்பைத் திருத்தலாம் என்றால் வீடியோ ஏறியிருந்தது நிறுவனத்தின் சேனலில். ஒரு சேனலில் இருக்கும் வீடியோவைப் பார்வை எண்ணிக்கையோடு இன்னொரு சேனலுக்கு மாற்ற யூடியூபில் வழி கிடையாது. புதிதாக ஏற்ற வேண்டியதுதான், அதற்கு மூலக் கோப்பு வேண்டும், அதையும் வாங்கி வைக்கவில்லை. சேனல் அறக்கட்டளையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். எடுத்துக் கொடுப்பவருக்கு வீடியோ ஏற்ற எடிட்டர் அனுமதி மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

விவரக்குறிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்? "மேலும்" என்பதை அழுத்தாமல் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று வரிகள்தான். அதற்குள் வேண்டுகோளும் இணைப்பும் முடிய வேண்டும்:

"வேதாரண்யம் வட்டத்தில் கூரை ஒழுகும் 40 வீடுகளுக்கு மழைக்கு முன் தார்ப்பாய் போடுகிறோம். ஒரு வீட்டுக்கு 4,500 ரூபாய், மொத்தத் தேவை 1,80,000 ரூபாய். நன்கொடைக்கு: https://example.org/koorai"

இணைப்பு அறக்கட்டளையின் சொந்தத் தளத்தில், சுருக்காமல், முழுதாக இருக்கட்டும். ஷார்ட்ஸ் வீடியோவின் குறிப்பில் போட்ட இணைப்பு 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து அழுத்தினால் திறக்காது, எனவே முழு வீடியோவில் போடுங்கள். அதற்குக் கீழே கணக்கு:

"18-க்கு 24 அடி தார்ப்பாய் 1,700 ரூபாய், மூங்கில் 1,200, கயிறு 200, இரண்டு பேர் கூலி 1,400. வீடியோச் செலவு 15,000 ரூபாயை அறங்காவலர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நன்கொடையிலிருந்து யாருக்கும் கமிஷன் கிடையாது. தேவைக்கு மேல் வந்தால் அதே வட்டத்தில் அடுத்த வீடுகளுக்குச் செலவாகும். வரவு செலவு மார்கழி முடிவதற்குள் இதே குறிப்பில் வரும். பணம் செலுத்தும்போது அறக்கட்டளையின் பெயர் திரையில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் நாங்கள் நன்கொடை வாங்க இயலாது."

இதோடு அறக்கட்டளைப் பதிவு எண், நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளப் பதிவு எண், 80ஜி இருந்தால் அதன் எண்ணும் செல்லுபடியாகும் காலமும். வீடியோவில் பழைய படம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள்.

இப்படி வேறு கணக்குக்குப் பணம் அனுப்பியிருப்பவர்கள், செலுத்திய திரையின் படத்தையும் அந்தப் பரிவர்த்தனைக்கான யுடிஆர் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கிலிருந்து எடுப்பதற்குள் பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.