சிபில் ஏற்றித் தருகிறேன் என்றவரை நம்பி ஸ்கோரில் 37 புள்ளி இழந்த கதை

வீட்டுக் கடன் நிராகரிக்கப்பட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தச் சமயத்தில்தான் "சிபில் கிளியர் பண்ணித் தரோம்" என்கிற நோட்டீஸ் கண்ணில் படும். எனக்கும் பட்டது. சிபில் என்பது நாம் கடன்களை எப்படிக் கட்டினோம் என்கிற பதிவை வைத்து வங்கிகளுக்கு அறிக்கையும் ஸ்கோரும் தருகிற நிறுவனம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 42,000. 2024 நவம்பரில் 20 லட்சம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். செயலாக்கக் கட்டணம் என்று ஜிஎஸ்டியோடு 3,540 ரூபாய் கட்டினேன், அது திரும்ப வராது. மூன்று வாரம் கழித்து வங்கியில் இருந்தவர் கணினியைப் பார்த்தபடியே, "சிபில் இஷ்யூ மேடம், ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றார். என்ன இஷ்யூ என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சிஸ்டம் முடிவு பண்றது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அதுதான்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் சின்ன ஆபீஸ் போட்டிருந்தார். 45 நாளில் ஸ்கோரை 750க்கு மேல் கொண்டுவருவதாகச் சொன்னார். மொத்தம் 15,000, முதலில் 6,000, மீதி வேலை முடிந்ததும். பான், ஆதார், சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கிக்கொண்டார். "அக்கா, நீங்க மட்டும் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துடாதீங்க, பார்க்கப் பார்க்க ஸ்கோர் குறையும்" என்றார். இது பச்சைப் பொய். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. நாம் கடன் கேட்டதால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்க்கிறதே, அந்த விசாரணைதான் கணக்கில் ஏறும். ஆனால் நான் அறிக்கையைப் பார்க்காமல் இருக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

அடுத்த ஆறு வாரத்தில் அவர் செய்தது மூன்று வேலை. நான்கைந்து முறை கூப்பிட்டு, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். "வெரிஃபிகேஷனுக்குக்கா" என்றார், சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஓடிபிகளை வைத்து என் பெயரில் ஐந்து நிறுவனங்களில் தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஏதாவது ஒன்று கிடைத்தால் அவருக்குக் கமிஷன் வரும். ஐந்துமே நிராகரிப்பு. இரண்டாவதாக, என் அறிக்கையில் தாமதமாகக் கட்டியதாக இருந்த எல்லா மாதங்களையும் தப்பு என்று சிபிலில் ஆட்சேபித்தார். சிபில் தானாக எதையும் மாற்றாது, கடன் கொடுத்தவரிடம் கேட்கும். தாமதம் உண்மைதான் என்று அவர்கள் சொன்னதும் ஆட்சேபம் முடிந்துபோனது.

மூன்றாவது வேலைதான் பெரிய அடி. 2019இல் நான் ஒரு கிரெடிட் கார்டு வாங்கியிருந்தேன். அதில் 6,400 ரூபாய் பாக்கி இருந்தபோது ஊரடங்கு வந்தது, சம்பளம் நின்றது, நான் கட்டவில்லை. கொஞ்ச நாள் போன் செய்தார்கள், அப்புறம் அதுவும் நின்றது. விட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து அது 31,240 ஆகியிருந்தது. ஏஜென்ட் அந்த கார்டு வங்கியிடம் பேசி, "18,500 கட்டினா முடிஞ்சுதுக்கா, பன்னிரண்டாயிரத்துக்கு மேல மிச்சம்" என்றார். சந்தோஷமாகக் கட்டினேன்.

2025 பிப்ரவரியில் ஸ்கோர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பயத்தை விட்டுவிட்டு நானே சிபில் தளத்தில் அறிக்கையை எடுத்தேன். நவம்பரில் வங்கி எடுத்தபோது 668. இப்போது 631.

அறிக்கையை வரி வரியாகப் படித்ததும் அந்த ராத்திரிதான். முழு அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களுமே கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஸ்கோர் எண்ணைவிட இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஒவ்வொரு கடனுக்குக் கீழேயும் இருக்கும் மாதக் கட்டங்கள். DPD என்று இருக்கும். எத்தனை நாள் தாமதம் என்று அர்த்தம். 000 என்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். இன்னொன்று கணக்கின் நிலை. என் கார்டுக்கு முன்பு Written-off என்று இருந்தது. தமிழில் 'தள்ளுபடி' என்று சொல்லிவிடுவதால் மன்னித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் அதை நஷ்டமாக எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். நாம் தர வேண்டிய பணம் அப்படியே நிற்கும். ஏஜென்ட் பேசி முடித்த பிறகு அந்த இடத்தில் Settled என்று வந்திருந்தது. முழுப் பணமும் வரவில்லை, வந்தவரை வாங்கிக்கொண்டோம் என்று அந்த வங்கி மற்ற வங்கிகளுக்குச் சொல்கிற வார்த்தை அது. நமக்குத் தேவை Closed. மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்ட 12,740 ரூபாய்தான் அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்.

விசாரணைகள் பகுதியில் ஐந்து நிறுவனங்களின் பெயர் தேதியோடு வரிசையாக நின்றது. ஆறு வாரத்தில் ஐந்து இடத்தில் கடன் கேட்டிருக்கிறாள், இவளுக்கு என்ன நெருக்கடியோ என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஓடிபியை நானே கொடுத்ததால், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று வாதாடவும் முடியவில்லை.

இதற்குப் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நிராகரித்த வங்கிக் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்தத் தொகையாக இருந்தாலும், நிராகரித்ததற்கான முக்கியக் காரணங்களை வங்கி எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007இலேயே சொல்லியிருக்கிறது. விண்ணப்ப எண்ணைப் போட்டு, இந்த விதியையும் சொல்லிக் கேட்டதும் ஒன்பதாவது நாள் பதில் வந்தது. அதில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, தள்ளுபடி என்று இருந்த கார்டு கணக்கு. இன்னொன்று, திருப்பிக் கட்டும் திறன் போதவில்லை.

இரண்டாவதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிபில் 800 ஆகியிருந்தாலும் அந்த 20 லட்சம் எனக்குக் கிடைத்திருக்காது!

கணக்கு இதுதான். அப்போது எனக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தவணைகள் மூன்று ஓடிக்கொண்டிருந்தன: ஸ்கூட்டருக்கு 3,900, ஃபிரிட்ஜுக்கு 2,300, ஒரு தனிநபர் கடனுக்கு 4,800. மொத்தம் 11,000. எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த வங்கி என் சம்பளத்துக்கு வைத்த வரம்பு (வங்கிக்கு வங்கி இது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்). 42,000இல் பாதி 21,000. அதில் 11,000 ஏற்கெனவே போகிறது, மீதி 10,000. அப்போது வட்டி 8.75 சதவீதம், 20 வருடத்துக்கு லட்சத்துக்கு 884 ரூபாய் தவணை. 10,000க்கு 11 லட்சம் சொச்சம்தான் வரும். நான் கேட்டது 20 லட்சம், அதற்குத் தவணை மட்டும் 17,700க்குப் பக்கம். கணக்குப் பார்ப்பதே தொழிலாக இருக்கிற நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆக, சரிசெய்ய வேண்டியது இரண்டு. கார்டு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: விட்டுக்கொடுத்த 12,740ஐயும் கட்டிவிடுகிறேன், கணக்கை முழுதாக முடிந்தது என்று சிபிலுக்குத் தெரிவிப்பீர்களா? பணம் கட்டும் முன்பே இதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குவது முக்கியம். கட்டின பிறகு கேட்டால் அவர்களுக்கு என்ன அவசரம்? சம்மதம் வந்தது, ஏப்ரலில் கட்டினேன், பாக்கி இல்லை என்கிற சான்றிதழும் வாங்கினேன். 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்களை 15 நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இருந்தும் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் Settled அப்படியே இருந்தது. சான்றிதழை இணைத்து சிபில் தளத்தில் நானே ஆட்சேபம் போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். அந்த நிலை வரவில்லை, 24ஆம் நாள் மாறியது. பழைய மாதக் கட்டங்களில் இருக்கும் தாமதங்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நிஜமாக நடந்ததை யாராலும் அழிக்க முடியாது, 6,000 அல்ல 60,000 வாங்கினாலும்.

தவணைக் கணக்குக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஃபிரிட்ஜ் மார்ச்சிலும் ஸ்கூட்டர் ஜூனிலும் முடிந்தன. அந்த ஒன்பது மாதம் புதிதாக எந்தக் கடனும் கேட்கவில்லை. தீபாவளிக்கு வாஷிங் மெஷினைத் தவணையில் எடுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதற்குப் பெரிய சண்டையே போட்டேன். இதற்கிடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று தடவையில் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தது. என்னிடம் 8 சதவீதம் சொன்னார்கள், லட்சத்துக்கு 836 ரூபாய். 21,000இல் தனிநபர் கடனின் 4,800 போக 16,200 இடம் இருந்தது. அதனால் அக்டோபர் கடைசியில் 20 லட்சம் கேட்காமல் 19 லட்சம் கேட்டேன். தவணை 15,900 சுமார். குறைந்த ஒரு லட்சத்துக்கு அப்பா தன் எஃப்டியை உடைத்தார். ஸ்கோர் அப்போது 719.

ஏஜென்ட் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 6,000ஐத் திருப்பிக் கேட்டுப் போனபோது, "வேலை செஞ்சேன்ல அக்கா" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, ரசீதும் இல்லை. அவருக்கு எதிராகப் போலீசில் மனு கொடுத்ததோடு நிற்கிறது.

புதிய விண்ணப்பத்தின்போது கடன் அதிகாரி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இந்த அஞ்சு என்கொயரி என்னங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அதை ஒரு பக்கம் விளக்கக் கடிதமாக எழுதி, அந்தப் போலீஸ் மனுவின் நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், 16 நாளில் கடன் ஒப்புதலானது. அந்த ஐந்து பெயரும் இன்னும் என் அறிக்கையில்தான் இருக்கின்றன.