புது நோட்டில் கையெழுத்துப் போடும் முன் பழைய நோட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சொந்தக்காரர்களிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பாக்கியைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன், அந்தத் தொகைக்குப் புது நோட்டு எழுதிக் கொடுத்துவிடு" என்று யாராவது சொன்னால், பேனாவை எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கையெழுத்தில் 80,000 ரூபாய் போயிருக்கும்.

கடன் கொடுத்தவர் எனக்குப் பெரியப்பா முறை. 2018 ஜூன் 10 அன்று அப்பா அவரிடம் 3,00,000 ரூபாய் வாங்கி நோட்டு எழுதிக் கொடுத்தார். வருடம் முடியும்போது கைக்கு வந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். 2019-இல் 86,000, 2020-இல் 80,000, 2021-இல் 24,000, 2022-இல் 74,000. எல்லாம் அதே ஜூன் 10-ஐ ஒட்டித்தான். மொத்தம் 2,64,000.

2022 ஜூலையில் பெரியப்பா சொன்ன பாக்கி 2,30,000. அம்மா சொன்னது 36,000. "மூணு லட்சம் வாங்கினோம், ரெண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் கொடுத்தாச்சு, மிச்சம் முப்பத்தாறுதானே?" என்பது அம்மாவின் கணக்கு. இரண்டுமே தப்பு என்பது பத்திரங்களைப் படித்த பிறகு தெரிந்தது. ஆனால் ஒன்று வட்டியை மறந்த தப்பு, இன்னொன்று உட்கார்ந்து யோசித்துச் செய்த தப்பு.

முதலில் நோட்டு. பெரியப்பா அசலைக் கையில் தரமாட்டேன் என்றார், பார்க்கவும் படம் எடுக்கவும் மட்டும் விட்டார். அதுவே போதும், ஆனால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். முன்பக்கத்தில் தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் இருப்பதைத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் நோட்டில் அது சரியாக இருந்தது. வட்டி வாசகம் "மாதம் 1-க்கு ரூ.100-க்கு ரூ.1 வீதம்" என்று இருந்தது. அதாவது லட்சத்துக்கு மாதம் ஆயிரம், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். வட்டி கட்டத் தவறினால் அதை அசலோடு சேர்க்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. வட்டிக்கு வட்டி கேட்டால் முதலில் அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

பின்பக்கம்தான் பலரும் திருப்பிப் பார்க்காத இடம். பகுதித் தொகை கட்டும்போது அங்கேதான் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கடன் கொடுத்தவருக்கும் அது தேவை. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு இந்தியாவில் வழக்குப் போட, நோட்டின் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கட்டிய தொகையைக் கட்டியவரே தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். அதனால் பெரியப்பாவே கேட்டு வாங்கிய வரவுகள் இரண்டு அங்கே இருந்தன, இரண்டும் அப்பாவின் கையெழுத்தில். 2019: "வட்டி 36,000, அசலில் 50,000." 2020: "வட்டி 30,000, அசலில் 50,000."

அந்த முப்பதாயிரத்தைக் கவனியுங்கள். முதல் வருடம் மூன்று லட்சத்துக்கு வட்டி 36,000. அதில் 50,000 அசல் குறைந்துவிட்டதால் அடுத்த வருடம் இரண்டரை லட்சத்துக்குத்தான் வட்டி, 30,000. பெரியப்பா அன்று அதைப் படித்துப் பார்த்துத்தான் நோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

அப்புறம் அவருடைய கணக்கு நோட்டு. கோடு போட்ட நீள நோட்டில் வருடத்துக்கு ஒரு வரி. 2019-க்கு எதிரே வட்டி 36,000, அசல் வரவு 50,000. நோட்டின் பின்பக்கத்தோடு ஒத்துப்போகிறது. 2020-க்கு எதிரே வட்டி 36,000, அசல் வரவு 44,000. இங்கேதான் கை நின்றது. ஒரே நாளில் வாங்கிய அதே 80,000 நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மாதிரியும், கணக்கு நோட்டில் இன்னொரு மாதிரியும் பிரிந்திருக்கிறது. வித்தியாசம் 6,000. தொகை சிறியதுதான். ஆனால் வட்டியை இன்னும் மூன்று லட்சத்துக்கே போடுகிறார் என்று அந்த ஆறாயிரம் காட்டிக் கொடுத்தது. கீழே பார்த்தால் 2021-இலும் வட்டி 36,000, 2022-இலும் வட்டி 36,000. அசல் குறைந்துகொண்டே வர, வட்டிப் பத்தி மட்டும் அசையாமல் நின்றது. கணக்கில் ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், வட்டிப் பத்தியைப் படியுங்கள்.

2021-இல் அப்பா 24,000 கட்டினார். இரண்டு லட்சத்துக்கு ஒரு வருட வட்டி சரியாக அவ்வளவுதான். அசல் எதுவும் குறையவில்லை, பாக்கியும் இல்லை. ஆனால் பெரியப்பாவின் கணக்கு நோட்டில் 36,000 வட்டியில் 24,000 வரவு, "குறை 12,000" என்று எழுதியிருந்தது. 2022-க்கும் அதே மாதிரி வரவு 24,000, குறை 12,000.

2022-இல் அப்பா கொடுத்தது 74,000 ஆயிற்றே, 24,000 மட்டும் எப்படி வந்தது? மீதி 50,000 வேறொரு பக்கத்தில் இருந்தது. அதே தேதி, "பழைய கைமாற்று வரவு" என்று தலைப்பு. நாங்கள் கேட்டபோது மட்டும் பெரியப்பா அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். முன்பு எப்போதோ அப்பா நோட்டு இல்லாமல் வாங்கிய 50,000-க்கு அதை வரவு வைத்தாராம்.

இப்போது அவருடைய 2,30,000 எப்படி வந்தது என்பது புரியும். மூன்று லட்சத்தில் 50,000-மும் 44,000-மும் போக 2,06,000. அதோடு இரண்டு வருடக் குறை 24,000. கூட்டல் சுத்தமாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பவர்கள் "கணக்கு சரிதானே" என்று எழுந்துவிடுகிறார்கள். எங்கள் உறவில் ஒருவர் அப்படித்தான் பார்த்து, புது நோட்டு எழுதித் தரச் சொன்னார்.

நோட்டின்படி போட்டால் இப்படி வரும். வட்டியை முதலில் கழித்து மிச்சத்தை அசலில் கழிப்பதுதான் வழக்கம், வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒழிய. 2019-இல் 86,000-இல் வட்டி 36,000 போக அசல் 2,50,000 ஆகிறது. 2020-இல் 80,000-இல் வட்டி 30,000 போக அசல் 2,00,000. 2021-இல் வட்டி மட்டும். 2022-இல் 74,000-இல் வட்டி 24,000 போக அசல் 1,50,000. அவர் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் 80,000. அதில் 50,000 பக்கம் மாறிப் போனது, மிச்ச 30,000 மூன்று வருடத்தில் ஏற்றிய வட்டி: 6,000, 12,000, 12,000.

வட்டி விஷயத்தில் பெரியப்பா முதலில் சொன்ன பதில், "நோட்டில் மூணு லட்சம்னுதானே இருக்கு?" என்பது. நியாயமான கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் அவருடைய கணக்கு நோட்டிலேயே அவர் கையால் "அசல் வரவு" என்று எழுதியிருக்கிறார். அசல் வந்துவிட்டது என்று எழுதிய பிறகு, வந்துவிட்ட அசலுக்கு வட்டி எதற்கு? 2020 வரவையும் அவருடைய வரியையும் அருகருகே வைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். அந்த 30,000 பற்றிப் பிறகு பேச்சில்லை.

50,000 அவ்வளவு எளிதாக முடியவில்லை. இங்கே சட்டம் கடன் கொடுத்தவர் பக்கமும் சாயக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு கடன் பாக்கி இருந்து, எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், கடன் கொடுத்தவர் தன் இஷ்டப்படி எதில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். கெடு தாண்டிய கடனாக இருந்தாலும் வைக்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 60 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்டுபவர் இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்து, மற்றவர் வாங்கிக்கொண்டால், அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். இது பிரிவு 59. ஆக, பணம் போன அன்று என்ன சொல்லப்பட்டது என்பதே கேள்வி.

அப்பா அந்த வருடம் வங்கி வழியாக அனுப்பியிருந்தார். பாஸ்புக்கில் 74,000 என்று ஒரே வரி, விவரம் எதுவும் இல்லை. அது மட்டும் இருந்திருந்தால் தோற்றிருப்போம். அனுப்புவதற்குச் சற்று முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார்: "அண்ணா, நோட்டுக் கணக்கில் 74 அனுப்புறேன். 24 வட்டி, 50 அசல்." அதற்குப் பெரியப்பாவின் பதில், "சரி. வந்ததும் சொல்றேன்." அப்பாவுக்கு பிரிவு 59 எல்லாம் தெரியாது, எதையும் எழுதிச் சொல்வது அவர் பழக்கம். அந்த உரையாடலைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் பெரியப்பாவிடம் போனோம்.

புது நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதில் எதுவும் எளிதில் உதவியிருக்காது. 2,30,000 அன்றைக்கு அசலாகிவிடும். மாத வட்டி 1,500-க்குப் பதில் 2,300. நோட்டு எழுதியது கைமாறிய பணத்துக்காகத்தான் என்று சட்டம் முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அதோடு, பழைய நோட்டைப் பிறகு தருகிறேன் என்றார் பெரியப்பா. பழையதும் புதியதும் ஒருவர் பெட்டியிலேயே இருந்தால், ஒரே கடனுக்கு இரண்டு நோட்டு.

கடைசியில் 1,50,000-மும் ஜூன் 10-லிருந்து ஓடிய வட்டியும் கொடுத்து முடித்தோம். வங்கி வழியாகத்தான் கொடுத்தோம், இந்த முறை விவரத்தில் "2018 நோட்டுக் கணக்கு முழுப் பைசல்" என்று எழுதி. பணம் ஏறியதும் நோட்டின் பின்பக்கத்தில் அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டதாகப் பெரியப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டையே கையில் கொடுத்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

அந்தக் கைமாற்று 50,000 உண்மையிலேயே இருந்ததா என்பது இன்றும் தீரவில்லை. எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார் அப்பா. வரவேயில்லை என்கிறார் பெரியப்பா. இருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, அதனால் என்னால் படிக்க ஒன்றுமில்லை.